ஃபேன் ஓவன்ல கேக் மேல வெடிக்குது, நடுவுல வேகல: சூட்டையும் நேரத்தையும் எப்படி மாத்துறது

கீழக்கரையில எங்க தெருவுல மட்டும் போன ரெண்டு வருஷத்துல ஏழெட்டு வீட்டுக்கு புது ஓவன் வந்துருச்சு, பாதி கார்கோல வந்தது, மீதி இங்க வாங்குன ஓடிஜி. எல்லாத்துலயும் உள்ள ஃபேன் இருக்கு. ஆனா கையில இருக்குற ரெசிப்பி எல்லாம் ஃபேன் இல்லாத காலத்துது, கொழும்புல இருந்த மாமி நோட்டுல எழுதி வச்சது. அந்த நம்பரை அப்படியே போட்டுட்டு "லாத்தா, கேக் எரிமலை மாதிரி வெடிச்சிருச்சு, வெட்டுனா நடுவுல மாவு ஒழுகுது"ன்னு பெருநாளைக்கு முந்தின ராத்திரி போன் வரும்.

எல்லாத்தையும் ஒரே கேக்க வச்சே சொல்றேன். பட்டர் கேக்: பட்டர், சீனி, மைதா மூணும் 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், கொஞ்சம் பால், வெனிலா. 8 இன்ச் வட்ட டின், 3 இன்ச் உயரம். மாமி நோட்டுல இருக்கிறது "350 டிகிரி, 1 மணி நேரம்", அவ்வளவுதான். இதை ஃபேன் ஓவனுக்கு மாத்தணும்.

கையில என்ன இருக்கணும்

ஓவன் உள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு. விலை அதிகம் இல்ல, இது இல்லாம மத்தது எல்லாம் குத்துமதிப்புதான். அப்புறம் பட்டர் பேப்பர், அலுமினியம் ஃபாயில், நாலஞ்சு தென்னை ஈர்க்குச்சி (கழுவி காய வச்சது), ஒரு நோட்டு, பேனா. நோட்டு எதுக்குன்னு கடைசில தெரியும்.

1. உங்க ஓவன்ல ஃபேன் எப்ப ஓடுதுன்னு முதல்ல பாருங்க

குமிழ்ல படம் போட்டிருக்கும். மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு மட்டும் இருந்தா அது ஃபேன் இல்லாத சாதா மோடு. அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஃபேன் படம் இருந்தா மேல கீழ ராடும் எரியும், ஃபேனும் சுத்தும். வட்டத்துக்குள்ள ஃபேன் படம் மட்டும் இருந்தா ஃபேனைச் சுத்தி தனியா ஒரு ராடு இருக்கு, அந்தச் சூட்டைத்தான் காத்து தள்ளும். சின்ன ஓடிஜில படமே இல்லாம ஃபேனுக்கு தனி சுவிட்ச் இருக்கலாம். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வச்சிருக்கிறவங்களுக்கு பொதுவா கன்வெக்‌ஷன் மோடு போட்டாலே ஃபேன் ஓடும், அதை மட்டும் தனியா அணைக்க வழி இருக்காது.

நெறைய பேர் இங்கதான் வழுக்குறாங்க. சாதா மோடுல வச்சுக்கிட்டு "ஃபேன் ஓவன்தானே"ன்னு 20 டிகிரி குறைச்சிருவாங்க, கேக் வெளிறிப் போயி கனமா உக்காந்துரும். ஃபேன் ஓடுனாத்தான் கீழ சொல்ற கணக்கு.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்குன்னே உள்ள தொல்லை. கடல் காத்துல கிரில் கம்பில இருந்து ஸ்க்ரூ வரைக்கும் துரு ஏறுது, ஃபேனையும் விடுறதில்ல. ஒரு வீட்டுல ஃபேன் மோடுல வச்சும் கேக் வேகவே மாட்டேங்குதுன்னு ஒரு மாசமா புலம்பிக்கிட்டு இருந்தாங்க, போயி காதை வச்சு கேட்டா சத்தமே இல்ல, ஃபேன் இறுகிப் போயி நின்னு போச்சு. அதனால சூடு ஏறும்போது ஃபேன் சத்தம் வருதான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.

2. ரெசிப்பில இருக்குற நம்பர் எதுக்குன்னு கண்டுபிடிங்க

பழைய இலங்கை நோட்டுல 325, 350, 375ன்னு இருந்தா அது ஃபாரன்ஹீட். நம்ம ஓவன்ல இருக்கிறது செல்சியஸ். 350 ஃபாரன்ஹீட்னா 177 செல்சியஸ், அதைத்தான் எல்லாரும் 180ன்னு போடுறது. 325ன்னா 163, 375ன்னா 190. பல ஓவன்ல குமிழே 250 கிட்ட நின்னுரும், 350க்கு திருப்பப் பாத்து போகலன்னதும் கடைசி வரைக்கும் திருப்பி வச்ச புண்ணியவதி ஒருத்தி உண்டு, பேர் சொல்லல.

ரெண்டாவது, அந்த ரெசிப்பி ஏற்கனவே ஃபேனுக்கு எழுதுனதான்னு பாருங்க. இப்ப வர்ற ரெசிப்பில "180 டிகிரி, ஃபேன்னா 160"ன்னு ரெண்டு நம்பர் இருக்கும். அதுல 160ஐ எடுத்துட்டு அதுலயும் 20 குறைச்சா 140ல போயி நிக்கும், கேக் மெதுவா காஞ்சு ரஸ்க் மாதிரி ஆயிரும். ரெண்டு நம்பர் இருந்தா குறைஞ்சதை அப்படியே போடுங்க, மேல கைவைக்காதீங்க. ஒரே நம்பர்தான் இருக்கு, ஃபேன்னு எங்கயுமே பேச்சு இல்ல, ரெசிப்பியும் பழசுன்னா அது சாதா ஓவனுக்குன்னு எடுத்துக்கலாம்.

நம்ம மாமி ரெசிப்பி: 350 ஃபாரன்ஹீட், சாதா ஓவன். அதாவது 180 செல்சியஸ், 1 மணி நேரம்.

3. குமிழ் காட்டுறது நிஜமான்னு சோதிங்க

தெர்மாமீட்டரை நடு கம்பில, சுவத்துல படாம வச்சு, ஃபேன் மோடுல 160 வச்சு 20 நிமிஷம் விடுங்க. அப்புறம் கதவைத் திறக்காம கண்ணாடி வழியா அஞ்சஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு முறை பாத்து எழுதுங்க. ஒரே முறை பாத்து முடிவு பண்ணக் கூடாது, ஏன்னா ராடு எரிஞ்சு அணைஞ்சு எரிஞ்சு அணைஞ்சுதான் சூட்டைப் பிடிச்சு வைக்குது, ஒரு நேரம் 150 காட்டும் இன்னொரு நேரம் 170 காட்டும். நாலையும் கூட்டி நாலால வகுத்தா வர்றதுதான் உங்க ஓவனோட உண்மையான சூடு.

என்னோடதுல 160 வச்சா 172 வந்துச்சு. அப்ப எனக்கு நிஜமா 160 வேணும்னா குமிழ்ல 150க்கு கொஞ்சம் கீழ வைக்கணும். இதைப் பாக்காம "20 குறைச்சும் கருகுதே"ன்னு கணக்கு மேல பழி போடுறதுல அர்த்தம் இல்ல.

4. சூட்டுல 20 டிகிரி குறைங்க, நேரத்தை அப்படியே விடுங்க

இதுதான் முக்கியமான இடம், இதுக்கு காரணம் புரிஞ்சா மத்த எல்லாம் தானா வரும்.

கருவாடு காயப் போடுறதை நினைச்சுப் பாருங்க. காத்தே இல்லாத புழுக்கமான நாள்ல மீனைச் சுத்தி ஈரக்காத்து அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும், காய ரொம்ப நேரம் ஆகும். அதே வெயில், ஆனா கச்சான் காத்து அடிக்குதுன்னா மேல் தோல் சட்டுனு காஞ்சிரும், உள்ள ஈரம் இருக்கும். ஓவனுக்குள்ளயும் இதேதான். ஃபேன் இல்லாதப்ப கேக்கை ஒட்டி ஒரு மெல்லிசான காத்து நகராம நிக்குது, அது ஒரு போர்வை மாதிரி சூட்டை மெதுவாத்தான் உள்ள விடும். ஃபேன் அந்தப் போர்வையை விலக்கி விட்டுருது. அதே 180லயும் கேக் மேல ஏறுற சூடு அதிகம், மேல் பக்கம் காயுறதும் வேகம்.

அதனாலதான் வெடிக்குது. மேல் தோல் சீக்கிரம் இறுகிருது, அப்ப நடு மாவு இன்னும் பொங்கி முடிக்கல, பொங்குறதுக்கு வழி இல்லாம இறுகுன தோலை உடைச்சுக்கிட்டு வெளிய வருது. ஓரம் கருகி நடுவுல பச்சையா இருக்குறதும் இதே காரணம்தான்.

20 டிகிரி குறைச்சா, ஃபேன் ஓட்டி 160ல ஏறுற சூடும் ஃபேன் இல்லாம 180ல ஏறுற சூடும் ஏறக்குறைய ஒண்ணாகும். ஒண்ணாகும்போது நேரமும் ஏறக்குறைய அதேதானே வேணும்? புதுசா செய்றவங்க சூட்டுலயும் 20 குறைச்சு நேரத்துலயும் 15 நிமிஷம் குறைச்சு ரெண்டு பக்கமும் வெட்டுறாங்க. அப்ப கேக் பாத்தா அழகா இருக்கும், வெளிய எடுத்து பத்து நிமிஷத்துல நடுவுல குழி விழும்.

ரெசிப்பி ஃபாரன்ஹீட்லயே, ஓவனும் ஃபாரன்ஹீட்லயேன்னா 25 குறைங்க, 350க்கு 325.

மாமி கேக்குக்கு: 180 கழித்தல் 20, 160 செல்சியஸ். என் ஓவன் குமிழ்ல 150க்கு ஒரு நூல் கீழ.

5. நேரத்தை முடிவு நேரமா எழுதாதீங்க, எட்டிப் பாக்குற நேரமா எழுதுங்க

"ஏறக்குறைய"ன்னு சொன்னேன்ல, அந்த ஏறக்குறையதான் வம்பு. சின்ன ஓடிஜில ராடு டின்னுக்கு ரொம்ப கிட்ட இருக்கு, பெரிய ஓவன்ல தூரம். ஃபேன் வேகமும் ஓவனுக்கு ஓவன் மாறும். அதனால ரெசிப்பி நேரத்துல முக்கால் பங்கு ஆனதும் முதல் தடவை பாக்கணும்னு வச்சுக்கோங்க. 1 மணி நேரம்னா 45வது நிமிஷம். 40 நிமிஷம்னா 30வது நிமிஷம்.

அதுக்கு முன்னாடி கதவைத் திறக்காதீங்க. நடு மாவு இறுகாம இருக்கும்போது கதவைத் திறந்தா சூடு சட்டுனு இறங்கி கேக் அமுங்கிரும். கண்ணாடி வழியா எவ்வளவு வேணாலும் பாக்கலாம், அதுக்குத்தான் விளக்கு.

6. டின்னும் பேப்பரும்

கருப்பு நான்ஸ்டிக் டின் சூட்டை அதிகமா உறிஞ்சும், ஓரம் முந்திரும். அதுல செஞ்சா 160ல இருந்து இன்னும் 10 குறைங்க. வெள்ளை அலுமினியம் டின்தான் பட்டர் கேக்குக்கு என் ஓட்டு.

பேப்பரை டின் உயரத்துக்கு மேல ஒரு விரல் அளவுக்கு மேல நீட்டாதீங்க. ஃபேன் காத்துல அது மடங்கி கேக் மேல விழுந்து ஒட்டிக்கும், எடுக்கும்போது மேல் தோலும் கூடவே வரும். பேப்பர் நிக்கலன்னா டின் சுவத்துல அங்கங்க பட்டர் பொட்டு வச்சு ஒட்டுங்க.

டின்னை நடுத் தட்டுல வைங்க, நாலு பக்கமும் ரெண்டு விரல் இடம் விட்டு. காத்து சுத்த இடம் இல்லன்னா ஃபேன் இருந்தும் புண்ணியமில்ல. பெரிய பேக்கிங் ட்ரேயை வச்சு அதுக்கு மேல டின்னை வைக்கிற பழக்கம் சில பேர்கிட்ட இருக்கு, கீழ இருந்து வர்ற காத்தை அது மொத்தமா அடைச்சிரும். கம்பித் தட்டுதான் சரி.

7. ப்ரீஹீட், கூடவே சாயங்கால கரண்டு

சூடு ஏறுறதைக் காட்டுற சின்ன விளக்கு அணைஞ்சதும் ஓவன் ரெடின்னு உடனே கேக்கை வச்சிராதீங்க. அப்ப சூடானது உள்ள இருக்குற காத்து மட்டும்தான், சுவரு இன்னும் ஏறல. கதவைத் திறந்ததும் அந்தக் காத்து வெளிய போயிரும், திரும்ப ஏற ராடு முழுசா எரியும், மேல் ராடு செக்கச்செவேல்னு இருக்கும்போது கேக்கோட தலை அதுக்கு நேரா மாட்டிக்கும். விளக்கு அணைஞ்சு இன்னும் 10 நிமிஷம் விடுங்க.

சித்திரை வைகாசில எல்லா வீட்டுலயும் ஏசி ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்கும். 230ல இருந்து 200க்கு வந்தா ராடு தர்ற சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சிரும். ஓவன் கடைசில அந்தச் சூட்டைப் பிடிக்கும், ஆனா ப்ரீஹீட் ரொம்ப இழுக்கும், கதவைத் திறந்தா திரும்ப ஏறவும் இழுக்கும். காலைல 50 நிமிஷத்துல ஆன கேக் ராத்திரி 60 ஆச்சுன்னா உங்க கணக்கு தப்பில்ல. ஆர்டர் கேக்கு நான் காலைலயே போட்டுருவேன்.

நடுவுல கரண்டே போயிருச்சுன்னா கதவைத் தொடாதீங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல வந்துட்டா உள்ள இருக்குற சூடு தாங்கும், அவ்வளவு நேரத்தைக் கூட்டிக்கிட்டா போதும். பாதி வேகுறதுக்கு முன்னாடி போயி அரை மணி நேரம் வரலன்னா அந்தக் கேக் எழும்பாது, மனசைத் தேத்திக்கோங்க.

8. மாமி கேக், மூணு தடவை போட்ட கதை

முதல் தடவை எதையும் மாத்தாம 180, ஃபேன் ஓட்டி. 25 நிமிஷத்துல மேல நல்ல பழுப்பு, நடுவுல பிளவு. 40ல ஓரம் கருப்பு. பயந்து போயி எடுத்தேன், நடுவுல மாவு.

ரெண்டாவது தடவை 160, ஆனா "ஃபேன் சீக்கிரம் வேகுமாமே"ன்னு 42வது நிமிஷத்துல அணைச்சுட்டேன். மேல தங்க நிறம், வெடிப்பே இல்ல, ஊரெல்லாம் போட்டோ அனுப்பிட்டேன். ஆறுறதுக்குள்ள நடுவுல ஒரு சட்டி அளவுக்கு குழி. மாமி போன்ல சிரிச்சுக்கிட்டே "நான் 1 மணி நேரம்னு எழுதுனது சும்மாவா?"ன்னு கேட்டாக.

மூணாவது தடவை 160, 45வது நிமிஷத்துல கதவைத் திறந்து நடுவுல ஈர்க்குச்சி விட்டுப் பாத்தேன், ஈர மாவு ஒட்டுச்சு. மேல நிறம் போதும்போல இருந்ததால ஃபாயிலை கூடாரம் மாதிரி லேசா மூடி, ஓரத்தை டின் விளிம்புல மடிச்சு விட்டேன், மடிக்கலன்னா ஃபேன் அதைத் தூக்கி ராடுல போட்டுரும். என் ஓவன்ல ஃபேன் பக்கம் கொஞ்சம் முந்தும், அதனால அப்பவே டின்னையும் அரை வட்டம் திருப்பி வச்சேன். 51ல ஈர்க்குச்சில ரெண்டு பொறுக்கு ஒட்டுச்சு, 55ல சுத்தமா வந்துச்சு, ஓரம் டின்னை விட்டு நூல் அளவுக்கு விலகியிருந்துச்சு, விரலால நடுவுல அமுக்குனா திரும்ப எழும்புச்சு. மூணு அடையாளமும் சேந்து வந்தா எடுத்துரலாம்.

ஆக 60 நிமிஷ ரெசிப்பி 55ல முடிஞ்சது. குறைஞ்சது வெறும் 5 நிமிஷம்.

9. கேக்கை வெட்டிப் பாத்து அடுத்த தடவைக்கு எதை மாத்துறது

மேல வெடிச்சு ஓரம் கருத்து நடுவுல பச்சைன்னா சூடு அதிகம். இன்னும் 10 டிகிரி குறைங்க, நேரத்தைத் தொடாதீங்க.

வெடிப்பு இல்ல, நிறம் அழகு, ஆனா நடுவுல குழி, வெட்டுனா நடுவுல களி மாதிரி பட்டைன்னா நேரம் பத்தல. சூட்டைத் தொடாதீங்க, 5 நிமிஷம் கூட்டுங்க. (பேக்கிங் பவுடர் அதிகமானாலும் குழி விழும், ஆனா அதுல களி இருக்காது, முழுசா வெந்திருக்கும்.)

மேல வெளிறி, உள்ள உதிருதுன்னா சூடு ரொம்ப குறைவு, அதனால ரொம்ப நேரம் உள்ள இருந்து காஞ்சு போச்சு. ரெண்டு தடவை 20 குறைச்சிட்டீங்களான்னு பாருங்க.

ஒரு பக்கம் மட்டும் கருப்புன்னா கணக்கு சரி, ஓவன்ல அந்த மூலைதான் சூடு. பிரெட் துண்டுகளைத் தட்டு முழுக்க பரப்பி 180ல கொஞ்ச நேரம் வச்சா எந்த மூலை முதல்ல செவக்குதுன்னு தெரிஞ்சிரும்.

ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டையும் மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

10. வேற பண்டத்துக்கு

நான்கத்தாய், பிஸ்கட் மாதிரி சீக்கிரம் வேகுறதுக்கும் 20 குறைங்க, ஆனா 15 நிமிஷ சமாச்சாரத்துல ரெண்டு நிமிஷமே கருக்கிரும், அதனால 10வது நிமிஷத்துல இருந்து கண்ணாடிகிட்டயே நில்லுங்க. ஃபேன் இருக்குறதோட பெரிய லாபமே இங்கதான், ரெண்டு தட்டு ஒரே நேரத்துல வைக்கலாம். அப்படியும் நடுவுல மேல கீழ மாத்துனா நல்லது.

முழு விளமீனோ கோழியோன்னா நான் தலைகீழா செய்வேன், சூட்டைக் குறைக்காம நேரத்துல கால் பங்கு முன்னாடியே பாத்துருவேன். அங்க மேல் தோல் காஞ்சு மொறுமொறுன்னு ஆகணும்னுதானே ஆசை, ஃபேன் செய்ற வேலை அது.

வட்டலப்பத்தை ஓவன்ல தண்ணித் தட்டுக்குள்ள வச்சு செய்றவங்க முடிஞ்சா ஃபேனை அணைச்சிருங்க. அணைச்சா 20 குறைக்க வேணாம், ரெசிப்பி நம்பரே சரி. அணைக்க முடியாத கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்னா கிண்ணத்தை ஃபாயிலால இறுக்கி மூடி 20 குறைச்சு வைங்க, இல்லன்னா மேல ஆடை மாதிரி தோல் காஞ்சு உள்ள ஓட்டை ஓட்டையா வரும். அந்த மெஷின்ல கேக் வைக்கும்போதும் குட்டை ஸ்டாண்டைத்தான் போடணும், உயரமான கிரில் ஸ்டாண்டுல வச்சா கேக் தலை கூரைக்கு முட்டும், மேல மட்டும் கருகும்.

என் நோட்டுல மாமி கேக் பக்கத்துல இப்ப இருக்கிறது இதான்: "ரெசிப்பி 350 ஃபா, 60 நிமி, சாதா. நம்ம ஓவன்: ஃபேன், நிஜ சூடு 160, குமிழ் 150க்கு ஒரு நூல் கீழ. வெள்ளை டின் 8 இன்ச். 45ல ஃபாயில், திருப்பு. 55ல எடுத்தது. காலை கரண்டு."